ஐந்து ஊர், ஐந்து கடிகாரம், ஒரே அழைப்பு: நேரப்படி ஊர்களை வரிசைப்படுத்துவது எப்படி?

குடும்பம் முழுவதையும் முதன்முறையாக ஒரே அழைப்பில் கூட்ட முயன்றபோது நான் செய்த பிழையிலிருந்து தொடங்குகிறேன். அக்கா சிட்னியில், சித்தப்பா சிங்கப்பூரில், அம்மா சென்னையில், தம்பி லண்டனில், நான் டொராண்டோவில். ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. எனக்குக் காலை 10:30. ஒவ்வோர் ஊரிலும் அப்போது மணி என்ன என்று தாளில் குறித்து, சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்ணுக்கு அடுக்கினேன். சிட்னி 0:30, டொராண்டோ 10:30, லண்டன் 15:30, சென்னை 20:00, சிங்கப்பூர் 22:30.

பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. சிட்னி பட்டியலின் தலையில் இருந்ததால், அங்கேதான் பொழுது மிகவும் பின்தங்கியிருக்கிறது, அக்கா எழும்வரை பொறுத்தால் எல்லோரும் விழித்திருப்பார்கள் என்று முடிவு செய்தேன். ஏழு மணி நேரம் காத்திருந்து, எனக்கு மாலை 5:30 ஆனதும் அழைத்தேன். அக்காவுக்கு ஞாயிறு காலை 7:30, பிழையில்லை. தம்பிக்கு இரவு 10:30. சித்தப்பாவுக்கு விடியற்காலை 5:30. அம்மாவுக்கோ அதிகாலை 3 மணி. நள்ளிரவில் மணி அடித்தால் எந்த அம்மாவும் என்ன நினைப்பாரோ அதை நினைத்துப் பதறிப்போய் எடுத்தார். "யாருக்கு என்னடா ஆச்சு?" என்பதுதான் அந்தக் குடும்பக் கூடலின் முதல் வாக்கியம்.

பிழை கூட்டலிலோ கழித்தலிலோ இல்லை. ஐந்து நேரங்களையும் சரியாகத்தான் எழுதியிருந்தேன். வரிசைப்படுத்திய விதம்தான் தவறு.

## கடிகார முகம் நாளைச் சொல்வதில்லை

சிட்னியின் 0:30 என்பது ஞாயிற்றுக்கிழமையின் 0:30. மற்ற நான்கு ஊர்களிலும் அப்போது சனிக்கிழமை. நாளைச் சேர்த்து எழுதியிருந்தால், ஐந்து ஊர்களில் மிக முன்னே போயிருப்பது சிட்னி என்பது கண்ணில் பட்டிருக்கும். நாளை விட்டுவிட்டு மணியை மட்டும் அடுக்கியதால், எல்லோருக்கும் முன்னே சென்றவர் எல்லோருக்கும் பின்னே நிற்பவராகத் தெரிந்தார்.

ஆகவே முதல் விதி: மணியைக் கொண்டு அடுக்கக் கூடாது, நாளும் மணியும் சேர்ந்ததைக் கொண்டு அடுக்க வேண்டும். அப்படி அடுக்கினால் அதே கணத்தின் வரிசை இவ்வாறு வரும். சிட்னி ஞாயிறு 0:30, சிங்கப்பூர் சனி 22:30, சென்னை சனி 20:00, லண்டன் சனி 15:30, டொராண்டோ சனி 10:30. இந்த வரிசைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. காலையில் எழுதினாலும் நள்ளிரவில் எழுதினாலும் இது மாறுவதில்லை. கடிகார முகத்தை வைத்து எழுதிய பட்டியலோ, ஏதாவது ஓர் ஊரில் நள்ளிரவு கடக்கும்போதெல்லாம் கலைந்துபோகும்.

வரிசை ஏன் மாறுவதில்லை என்றால், ஒவ்வோர் ஊரும் உலகப் பொது நேரத்திலிருந்து இத்தனை மணி முன்னே அல்லது பின்னே என்று ஓர் எண்ணை வைத்திருக்கிறது. திரையில் `UTC+5:30` என்று காண்பது அதுதான். நாளையும் மணியையும் சேர்த்து அடுக்குவதும் இந்த எண்ணை வைத்து அடுக்குவதும் ஒன்றே. இரண்டாவது வழி எளிது. ஜூலை மாதத்துக்கு நம் ஐந்து ஊர்கள்:

| ஊர் | ஜூலையில் வேறுபாடு | முந்தைய ஊரிலிருந்து இடைவெளி |
|---|---|---|
| சிட்னி | UTC+10 | — |
| சிங்கப்பூர் | UTC+8 | 2 மணி |
| சென்னை | UTC+5:30 | 2½ மணி |
| லண்டன் | UTC+1 | 4½ மணி |
| டொராண்டோ | UTC−4 | 5 மணி |

ஓர் ஊரின் நேரத்திலிருந்து இன்னோர் ஊரின் நேரத்தைக் கணக்கிடும்போது கூட்டுவதா கழிப்பதா என்ற குழப்பம் பலருக்கும் வரும். இந்தப் பட்டியல் கையில் இருந்தால் வராது. பட்டியலில் மேலே ஏறினால் கூட்ட வேண்டும், கீழே இறங்கினால் கழிக்க வேண்டும். சென்னையிலிருந்து சிட்னிக்கு இரண்டு படி ஏற்றம்: 2½ மணியும் 2 மணியும் சேர்த்து 4½ மணியைக் கூட்டினால் போதும்.

அந்த அரை மணியை மட்டும் விட்டுவிடாதீர்கள். உலகில் பெரும்பாலான இடங்கள் முழு மணி வேறுபாட்டில் இருப்பதால், இந்திய நேரத்தையும் 5 அல்லது 6 என்று மனம் தானாகவே முழுமையாக்கிக்கொள்ளும். இந்தியாவும் இலங்கையும் 5:30. நேபாளம் 5:45. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு குளிர்காலத்தில் 9:30. "நீ அரை மணி நேரம் பிந்திவிட்டாய்" என்று குடும்பத்தில் எழும் சண்டைகளில் பாதியாவது இங்கிருந்துதான் கிளம்புகிறது என்பது என் சந்தேகம்.

## ஒரே வேகத்தில் நடக்கும் ஐந்து பேர்

வரிசை கிடைத்துவிட்டது. அதிலிருந்து பேசும் நேரத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? இதற்கு ஒரு படத்தை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள்.

ஒரு பாதை. அதில் மணிக்கு ஒரு கல் வீதம் 0 முதல் 23 வரை கற்கள் நட்டிருக்கின்றன. 23-க்குப் பிறகு மறுபடியும் 0 வருவதால் அது வட்டப் பாதை. ஐந்து ஊர்களும் அதில் ஒருவர் பின் ஒருவராக நடக்கும் ஐந்து பேர். எல்லோருக்கும் ஒரே வேகம், மணிக்கு ஒரு கல். ஆகவே அவர்களுக்கிடையே உள்ள தூரம் மாறுவதில்லை. முன்னே சிட்னி, கடைசியில் டொராண்டோ. முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடையே ஜூலையில் 14 கல்.

பாதையின் ஒரு பகுதி இருள். இரவு 10 மணிக் கல்லிலிருந்து காலை 7 மணிக் கல் வரை யாரையும் அழைக்கக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். அது 9 கல் தூரம். மீதியுள்ள 15 கல் வெளிச்சம். கேள்வி இப்போது மிக எளிதாகிவிடுகிறது: 14 கல் நீளமுள்ள இந்த வரிசை முழுவதும் 15 கல் வெளிச்சத்துக்குள் எப்போது அடங்கும்?

கடைசி ஆளான டொராண்டோ இருளைவிட்டு வெளியே வரும் கணத்தில்தான் முதன்முதலாக அடங்கும். முதல் ஆளான சிட்னி மறுபக்கம் இருளுக்குள் நுழையும் கணத்தில் அது முடிந்துவிடும். 15-லிருந்து 14-ஐக் கழித்தால் 1. நாள் ஒன்றுக்குச் சரியாக ஒரு மணி நேரம்தான் ஐந்து பேரும் சேர்ந்து பேச முடியும்.

அந்த ஒரு மணி எது என்பதற்கும் வேறு கணக்கு வேண்டாம். தொடக்கம், பட்டியலின் அடியில் உள்ள ஊரின் காலை 7. முடிவு, பட்டியலின் தலையில் உள்ள ஊரின் இரவு 10. டொராண்டோவில் காலை 7 முதல் 8 வரை. லண்டனில் பகல் 12 முதல் 1 வரை. சென்னையில் மாலை 4:30 முதல் 5:30 வரை. சிங்கப்பூரில் இரவு 7 முதல் 8 வரை. சிட்னியில் இரவு 9 முதல் 10 வரை. ஐந்திலும் ஒரே நாள். அன்று நான் ஏழு மணி நேரம் காத்திருந்தது வீண் என்பது மட்டுமில்லை, நான் தாளை எடுத்தபோதே அன்றைய வாய்ப்பு முடிந்து இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிங்கப்பூர், சென்னை, லண்டன் மூன்றும் விடையை எந்த விதத்திலும் பாதிக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே தூக்க நேரம் என்று வைத்துக்கொண்டால், நடுவில் எத்தனை ஊர்களைச் சேர்த்தாலும் அந்த ஒரு மணி குறையாது, கூடாது. துபாயில் ஓர் அத்தையும் பாரிஸில் ஒரு மாமாவும் புதிதாகச் சேர்ந்தாலும் கவலையில்லை. வரிசையின் இரண்டு முனைகளுக்கு வெளியே ஒருவர் சேரும்போதுதான் நெருக்கடி. ஆக்லாந்தில் ஒரு உறவினர் இருந்தால், ஜூலையில் அது UTC+12; நீளம் 16 கல் ஆகிவிடும்; ஐந்து பேர் பேசிய அழைப்பில் ஆறாமவருக்கு இடம் கிடைக்காது.

## முனைகள் அசையும் மாதங்கள்

ஜூலையில் இந்த விடையைக் கண்டுபிடித்து, ஆண்டு முழுவதும் இதுதான் என்று குடும்பத்துக்கு அறிவித்துவிட்டால், அக்டோபரில் அடுத்த குழப்பம் வரும். பல நாடுகள் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றுகின்றன. கோடையில் ஒரு மணி முன்னே தள்ளி, கோடை முடிந்ததும் பின்னே இழுக்கின்றன. நம் பட்டியலில் சிட்னி, லண்டன், டொராண்டோ மூன்றும் மாற்றுபவை. சிங்கப்பூரும் சென்னையும் மாற்றாதவை.

சிக்கல் என்னவென்றால், பூமியின் தென்பாதியில் கோடை வரும்போது வடபாதியில் குளிர்காலம். ஜூலையில் டொராண்டோ கோடை நேரத்தில் ஒரு கல் முன்னே வந்து நிற்கிறது. சிட்னி தன் இயல்பான இடத்தில் நிற்கிறது. வரிசை குறுகிய நிலையில் இருக்கிறது. ஜனவரியில் சிட்னி ஒரு கல் முன்னே போய்விடுகிறது, UTC+11. டொராண்டோ ஒரு கல் பின்வாங்கிவிடுகிறது, UTC−5. இரு முனைகளும் எதிரெதிர்த் திசையில் இழுப்பதால் வரிசையின் நீளம் 14-லிருந்து 16 ஆகிறது. 15 கல் வெளிச்சத்தில் 16 கல் வரிசை அடங்காது. ஜூலையில் ஒரு மணி நேரம் இருந்த இடத்தில், ஜனவரியில் ஒரு மணி நேரம் பற்றாக்குறை.

இந்த மாற்றம் ஒரே நாளில் நிகழ்வதும் இல்லை. 2025-ஐ எடுத்துக்கொள்வோம். டொராண்டோ மார்ச் 9 அன்று முன்னே தள்ளியது. லண்டன் மார்ச் 30 அன்று தள்ளியது. சிட்னி ஏப்ரல் 6 அன்று பின்னே இழுத்தது. திரும்பும்போது சிட்னி அக்டோபர் 5, லண்டன் அக்டோபர் 26, டொராண்டோ நவம்பர் 2. எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகள். டொராண்டோவுக்கு மார்ச்சின் இரண்டாம் ஞாயிறும் நவம்பரின் முதல் ஞாயிறும். லண்டனுக்கு மார்ச், அக்டோபர் இரண்டிலும் கடைசி ஞாயிறு. சிட்னிக்கு ஏப்ரல், அக்டோபர் இரண்டிலும் முதல் ஞாயிறு என்பது விதி.

ஆகவே சிட்னிக்கும் டொராண்டோவுக்கும் இடையே உள்ள தூரம் மூன்று மதிப்புகளை எடுக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை 14. நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறுவரை 16. இடையில் ஆண்டுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் நான்கு வாரங்கள், 15. அந்த 15-தான் மிகவும் ஏமாற்றுவது. கணக்குப்படி வரிசை வெளிச்சத்துக்குள் சரியாக அடங்குகிறது. ஆனால் அடங்கும் நேரம் ஒரு கணம் மட்டுமே. டொராண்டோவில் காலை 7 அடிக்கும்போது சிட்னியில் இரவு 10 அடிக்கிறது. "வணக்கம்" என்று சொல்லி முடிப்பதற்குள் கதவு மூடிவிடும்.

மார்ச்சிலும் அக்டோபர் இறுதியிலும் லண்டன் தம்பியும் ஒரு குழப்பத்தைச் சேர்ப்பான். வழக்கமாக அவனுக்கும் எனக்கும் 5 மணி நேரம். 2025 மார்ச் 9 முதல் 30 வரை, பின்பு அக்டோபர் 26 முதல் நவம்பர் 2 வரை, அது 4 மணி நேரம். "அஞ்சு மணி நேரம்தானே" என்று மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் தவறுவது இந்த வாரங்களில்தான். வரிசை மாறவில்லை, இடைவெளி மட்டும் மாறியிருக்கிறது என்பதால், பட்டியலைப் பார்த்தாலும் தவறு கண்ணில் படாது. இடைவெளியை எழுதிவைத்த பட்டியலில் தேதியையும் எழுதிவைப்பது அதனால்தான் அவசியம். மேலே நான் கொடுத்த அட்டவணையின் தலைப்பில் "ஜூலையில்" என்று போட்டிருக்கிறேனே, அந்தச் சொல் இல்லாவிட்டால் அட்டவணைக்கே பொருளில்லை.

நாட்டின் பெயரை எழுதாமல் ஊரின் பெயரை எழுத வேண்டும் என்பதற்கும் இதுதான் காரணம். "ஆஸ்திரேலியா" என்று எழுதினால் எது என்று தெரியாது. சிட்னி கடிகாரத்தை மாற்றும். அதே கிழக்குக் கரையில் இருக்கும் பிரிஸ்பேன் மாற்றாது, ஆண்டு முழுவதும் UTC+10. அக்கா பிரிஸ்பேனில் இருந்திருந்தால் ஜனவரியில் நீளம் 15-ஆக நின்றிருக்கும். சுருக்கக் குறிகளையும் நம்ப வேண்டாம். `IST` என்பது இந்திய நேரத்துக்கும் வழங்குகிறது, அயர்லாந்தின் கோடை நேரத்துக்கும் வழங்குகிறது, இஸ்ரேலின் நேரத்துக்கும் வழங்குகிறது. கணினிகளும் கைப்பேசிகளும் நேர மண்டலத்தை `Australia/Sydney`, `America/Toronto` என்று ஊர்ப் பெயராலேயே அடையாளப்படுத்துகின்றன. அந்தத் தொகுப்பில் இந்தியா முழுவதற்கும் `Asia/Kolkata` என்ற ஒரே பெயர்தான். சென்னையைத் தேடிக் கிடைக்காவிட்டால் திகைக்க வேண்டாம்.

## ஜனவரியில் என்ன செய்வது?

ஒரு மணி நேரம் பற்றவில்லை என்று தெரிந்துவிட்டது. யாரோ ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும், அல்லது அழைப்பை இரண்டாக உடைக்க வேண்டும். இரண்டுக்கும் வரிசையே வழி காட்டும்.

விட்டுக்கொடுப்பதை முதலில் பார்ப்போம். வாராந்தர அழைப்பை நாள்காட்டியில் பதியும்போது அதை ஓர் ஊரின் நேரத்தில்தான் பதிகிறோம். அந்த ஊரில் அது அசையாது. மற்ற ஊர்களில் கடிகாரம் மாறும்போது அசையும். நான் பதிந்தால் டொராண்டோ நேரத்தில் பதிவேன், எனக்கு எப்போதும் காலை 7:30. அப்படியானால் ஜனவரியில் சிட்னிக்கு இரவு 11:30 ஆகிவிடும். அக்கா பதிந்தால் அவளுக்கு எப்போதும் இரவு 9:30, எனக்கு ஜனவரியில் விடியற்காலை 5:30. யார் பதிகிறார்களோ அவர்கள் நிம்மதியாக இருக்க, எதிர்முனையில் இருப்பவர் இரண்டு மணி நேர மாற்றம் முழுவதையும் சுமக்கிறார். இதை யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. பதிந்தவர் யார் என்பதைப் பொறுத்துத் தானாகவே நடந்துவிடுகிறது.

நடுவில் இருக்கும், கடிகாரத்தை மாற்றாத ஊரின் நேரத்தில் பதிந்தால் இது சமனாகிவிடும். சென்னை நேரம் மாலை 5 மணி என்று நிலைநிறுத்துங்கள். ஜூலையில் டொராண்டோவில் காலை 7:30, சிட்னியில் இரவு 9:30. அரை மணி நேர அழைப்பு வசதியாக அடங்கும். ஜனவரியில் டொராண்டோவில் காலை 6:30, சிட்னியில் இரவு 10:30. நான் அரை மணி முன்னதாக எழுகிறேன், அக்கா சற்று நேரம் கழித்துப் படுக்கிறாள். இடைப்பட்ட வாரங்களில் எனக்கு 7:30, அக்காவுக்கு 10:30. அம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஆண்டு முழுவதும் ஒரே நேரம். கடிகார மாற்றம் என்ற ஒன்று இருப்பதையே அவர்கள் அறிய வேண்டாம். எங்கள் வீட்டில் சச்சரவு ஓய்ந்தது இந்த ஏற்பாட்டுக்குப் பிறகுதான்.

அரை மணி நேரம்கூட விட்டுக்கொடுக்க முடியாத சூழ்நிலை உண்டு. கைக்குழந்தை இருக்கும் வீடு, இரவுப் பணிக்குச் செல்பவர், இரவு எட்டரைக்கே படுத்துவிடும் முதியவர். அப்போது வரிசையை நடுவில் வெட்டி, வெட்டுமிடத்தில் இருப்பவரை இரு பக்கமும் சேர்த்துக்கொள்ளலாம். ஜனவரியில் சிட்னி, சிங்கப்பூர், சென்னை ஒரு குழு. நீளம் 5½ கல். 15-லிருந்து கழித்தால் 9½ மணி நேர வாய்ப்பு, சென்னை நேரம் காலை 7 முதல் மாலை 4:30 வரை. சென்னை, லண்டன், டொராண்டோ இன்னொரு குழு. நீளம் 10½ கல். 4½ மணி நேர வாய்ப்பு, சென்னை நேரம் மாலை 5:30 முதல் இரவு 10 வரை. அம்மா இரண்டு அழைப்பிலும் இருப்பார், இரு பக்கச் செய்தியையும் கடத்துவார். உண்மையைச் சொன்னால், தொழில்நுட்பம் வருவதற்கு முன்பும் அம்மாக்கள் இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

மேலே சொன்ன முதியவரைப்போல ஒருவருக்கு மட்டும் வெளிச்சப் பகுதி வேறாக இருந்தால், 15 கழித்தல் நீளம் என்ற குறுக்குவழி செல்லாது. ஒவ்வொருவரும் எப்போது முதல் எப்போது வரை பேச முடியும் என்பதைப் பொது நேரத்துக்கு மாற்றி, தொடக்கங்களில் மிகப் பிந்தியதையும் முடிவுகளில் மிக முந்தியதையும் எடுக்க வேண்டும். ஜூலையில் அக்கா இரவு 9 மணிக்கே படுப்பவளாக இருந்தால், அவளுடைய முடிவு பொது நேரத்தில் 11:00. எனக்குக் காலை 7 என்பதும் பொது நேரத்தில் 11:00. வாய்ப்பு பூச்சியம். நான் 6:30-க்கு எழச் சம்மதித்தால் அரை மணி கிடைக்கும்.

## வரிசையின் தலை எது?

இதுவரை சிட்னி முன்னே, டொராண்டோ பின்னே என்று கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டோம். எண்படி பெரியது தலை, சிறியது வால். பெரும்பாலும் இது சரி. பசிபிக் பெருங்கடலின் இரு கரைகளில் குடும்பம் இருந்தால் தவறாகிவிடும்.

சான் பிரான்சிஸ்கோவில் ஒருவர், சிட்னியில் ஒருவர், இருவர் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் சான் பிரான்சிஸ்கோ UTC−7, சிட்னி UTC+10. நீளம் 17 கல். 15-லிருந்து 17-ஐக் கழிக்க முடியாது. ஆகவே இவர்கள் பேசவே முடியாது என்று கணக்கு சொல்கிறது. ஆனால் இப்படிப் பிரிந்து வாழும் எத்தனையோ பேர் தினமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பாதை வட்டம் என்பதை மறந்துவிட்டதால் வந்த தவறு இது. வட்டத்தில் இருவருக்கு நடுவே இரண்டு தூரங்கள் உண்டு. ஒரு பக்கம் 17 என்றால் மறுபக்கம் 24 கழித்தல் 17, அதாவது 7. கடிகார முகத்தில் சிட்னி சான் பிரான்சிஸ்கோவைவிட 17 கல் முன்னே என்பதும், நாளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் 7 கல் பின்னே என்பதும் ஒன்றேதான். ஆகவே 7 கல் நீளமுள்ள வரிசையாக இதைப் பாருங்கள்: தலையில் சான் பிரான்சிஸ்கோ, வாலில் சிட்னி. 15-லிருந்து 7 போனால் 8 மணி நேரம். வாலில் காலை 7 என்றால் தலையில் முந்தைய நாள் பிற்பகல் 2. தலையில் இரவு 10 என்றால் வாலில் மறுநாள் பிற்பகல் 3. இந்த எட்டு மணி நேரமும் பேசலாம்.

பொதுவான விதியாகச் சொன்னால் இப்படி வரும். ஊர்களை எண்ணின்படி அடுக்குங்கள். அடுத்தடுத்த ஊர்களுக்கிடையே உள்ள இடைவெளிகளை எழுதுங்கள். கடைசி ஊரிலிருந்து வட்டமாகச் சுற்றி மறுபடி முதல் ஊருக்கு வரும் இடைவெளியையும் சேர்த்து எழுதுங்கள். எல்லாம் கூட்டினால் 24 வர வேண்டும், வராவிட்டால் எங்கோ தவறு. இவற்றில் மிகப் பெரிய இடைவெளி எதுவோ அந்த இடத்தில் வட்டத்தை வெட்டி வரிசையாக்குங்கள். ஆளில்லாத அந்தப் பெரிய இடைவெளிக்குள்தான் 9 கல் இருள் முழுவதும் விழ வேண்டும். இடைவெளி 9-ஐவிட எவ்வளவு அதிகமோ அவ்வளவுதான் தொடர்ச்சியாகப் பேசக் கிடைக்கும் மிக நீண்ட நேரம்.

நம் ஐந்து ஊர்களில் இதைச் சரிபார்க்கலாம். ஜூலையில் இடைவெளிகள் 2, 2½, 4½, 5, பிறகு டொராண்டோவிலிருந்து சுற்றி சிட்னிக்கு 10. கூட்டினால் 24. மிகப் பெரியது 10. 9 போக 1. முன்பு கிடைத்த அதே விடை. ஜனவரியில் இடைவெளிகள் 3, 2½, 5½, 5, 8. மிகப் பெரியதே 8-தான். 9 கல் இருள் அதற்குள் அடங்காது. வேறு எங்கே வெட்டினாலும் இதைவிட மோசமாகத்தான் இருக்கும் என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. இனித் தேடிப் பயனில்லை, யாராவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்று குடும்பக் குழுவில் உறுதியாகச் சொல்லிவிடலாம்.

## "நாளைக்கு" என்றால் எந்த நாள்?

வட்டத்தை வழக்கமான இடத்தில் வெட்டாமல் பசிபிக் பக்கமாகச் சேர்க்கும்போது, மணி சரியாக இருந்தும் நாள் தவறும். சான் பிரான்சிஸ்கோவில் சனிக்கிழமை மாலை 4 மணிக்குப் பேசுவது சிட்னியில் ஞாயிறு காலை 9 மணி. இருவருக்கும் விடுமுறை. அதையே "ஞாயிற்றுக்கிழமை மாலை பேசலாம்" என்று சான் பிரான்சிஸ்கோக்காரர் சொன்னால், சிட்னிக்காரருக்கு அது திங்கட்கிழமை காலை, அலுவலகம் கிளம்பும் நேரம்.

எங்கள் ஐவர் குழுவில் சரியான அழைப்பு நேரத்தில் ஐந்து ஊர்களிலும் ஒரே தேதி என்பதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அழைப்பைப் பற்றிய செய்தியை அனுப்பும் நேரம் வேறு. ஜூலையில் சனிக்கிழமை இரவு 8 மணிக்கு நான் டொராண்டோவிலிருந்து "நாளைக்குக் காலையில் பேசலாம்" என்று எழுதினால், அக்கா அதை ஞாயிறு காலை 10 மணிக்குப் படிப்பாள். அவளுக்கு நாளை என்பது திங்கள். "இன்று", "நாளை", "இன்றிரவு" என்ற சொற்களை அழைப்புச் செய்தியில் எழுதவே கூடாது என்று நாங்கள் பேசி வைத்திருக்கிறோம். "இரவு 12 மணி" என்பதும் அப்படித்தான். சனிக்கிழமை இரவு 12 என்றால் சனிக்கிழமை தொடங்கும் 12-ஆ, முடியும் 12-ஆ என்று வீட்டுக்கு ஒரு கருத்து இருக்கும். 11:45 என்றோ 12:15 என்றோ கிழமையோடு எழுதிவிட்டால் விவாதமே எழாது.

இப்போது எங்கள் குழுவில் செய்தி இப்படித்தான் போகும்: "ஞாயிறு 12 ஜனவரி. சிட்னி இரவு 10:30, சிங்கப்பூர் இரவு 7:30, சென்னை மாலை 5:00, லண்டன் காலை 11:30, டொராண்டோ காலை 6:30." தலையிலிருந்து வால் வரை, எப்போதும் அதே வரிசையில். ஒரு முறை தம்பி நவம்பரில் பழைய செய்தியை நகலெடுத்து அனுப்பியபோது, லண்டன் பகல் 12:30 என்றே இருந்தது. சென்னைக்கும் லண்டனுக்கும் இடையே 5½ வர வேண்டிய இடத்தில் 4½ இருக்கிறதே என்று முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் அம்மாதான்.